விளக்கு தின்றதா, பெட்டி தின்றதா?



பெங்களூரைச் சுற்றிப் புதிது புதிதாகக் கட்டடங்கள் எழும்புகின்றன. அங்கே வேலை செய்வோரில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்கள் பலர். கட்டடத்துக்குக் கரண்ட் வரும் முன்பே காவல்காரர் குடும்பம் அங்கே குடியேறிவிடும். தகரக் கொட்டகைதான் வீடு. அப்படி ஒரு கொட்டகையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

கொட்டகையின் மேல் 100 வாட் சோலார் தகடு ஒன்று. உள்ளே ஒரு பேட்டரி. அது 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி. அதோடு ஒரு இன்வெர்ட்டர். சிறியது அல்ல, ஆயிரம் வி.ஏ. பெட்டி. வேறு இடத்தில் மிஞ்சியதை மேஸ்திரி கொண்டுவந்து வைத்தார். பெரிய பெட்டி என்றால் நல்லதுதானே என்று எல்லோரும் நினைத்தார்கள்.

விளக்கோ கொஞ்சம்தான். மாலை 6 மணி முதல் 10 மணி வரை உள்ளே இரண்டு பல்ப் எரியும். ஒவ்வொன்றும் 9 வாட். பிறகு விடியும் வரை வெளியே ஒரு 5 வாட் பல்ப். பாம்பு வரும் இடம். கம்பி, சிமெண்ட் திருட்டுப் பயமும் உண்டு. இரவில் அந்த விளக்கு அணையக் கூடாது.

ஆனால் அணைந்தது. பேட்டரி நிறைந்த நாளிலிருந்து எண்ணினால், ஐந்தாம் நாள் விடியும் முன்பே இருட்டு. காவல்காரர் மனைவி சோலார் வேலை செய்யும் பையனை அழைத்தார். "தம்பி, பேட்டரி கெட்டுப்போச்சாம். புதுசு வாங்கணுமாம். பல ஆயிரம் கேக்கறாங்க" என்றார்.

"இருங்க அக்கா, எல்லா விளக்கையும் அணைங்க" என்றான் பையன். அணைத்தார்கள். பெட்டி மட்டும் ஓடியது. "இப்போ காதை வைச்சுக் கேளுங்க" என்றான். உம்மென்று ஒரு சத்தம். தொட்டால் இளஞ்சூடு. ஒரு பல்பும் எரியவில்லை. பிறகு எதற்குச் சூடு?

பேட்டரியிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரில் அவன் கிளாம்ப் மீட்டரை மாட்டினான். டி.சி. கரண்டை அளக்கும் மீட்டர் அது. 1.7 ஆம்பியர் காட்டியது. 12 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 20 வாட். விளக்கே எரியாதபோது பெட்டி தனக்காக 20 வாட் தின்கிறது. வெளியே எரியும் பல்போ வெறும் 5 வாட்.

பெட்டி எதற்கு இவ்வளவு தின்கிறது? பேட்டரியில் இருப்பது ஒரே திசையில் ஓடும் கரண்ட். அதை டி.சி. என்பார்கள். வீட்டு பல்புக்கு வேண்டியது திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. கரண்ட். மாற்றிக் கொடுப்பதுதான் இன்வெர்ட்டரின் வேலை. அதற்காக உள்ளே மின்சுவிட்சுகள் ஓயாமல் திறந்து மூடுகின்றன. டிரான்ஸ்பார்மரின் இரும்புக்குக் காந்தம் ஏறி இறங்குகிறது. அந்த உம் சத்தம் இரும்பிலிருந்துதான் வருகிறது. பல்ப் எரிந்தாலும் எரியாவிட்டாலும் இந்த வேலை நிற்காது. பெட்டி பெரிதானால் பொதுவாக உள்ளே இரும்பும் பெரிது, தீனியும் அதிகம். ஒரு டம்ளர் காபிக்கு அண்டாவைச் சூடாக்குவது போலத்தான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் மணி. மாலை விளக்குகள் 18 வாட், 4 மணி நேரம். ஆக 72. இரவு விளக்கு 5 வாட், 8 மணி நேரம். ஆக 40. மொத்தம் 112 வாட் மணி. விளக்கின் செலவு இவ்வளவே.

பெட்டியை யாரும் அணைப்பதில்லை. பகலிலும் ஓடுகிறது. 20 வாட், 24 மணி நேரம். ஆக 480. இரண்டையும் கூட்டினால் ஒரு நாளைக்கு 592. நல்ல வெயிலில் அந்தத் தகடு தந்து, பேட்டரியில் தேங்கி, திரும்பக் கிடைப்பது சுமார் 350. ஒவ்வொரு நாளும் 240 குறைகிறது. நிறைந்த பேட்டரியில் இருப்பது 1,200. ஐந்து நாளில் அது காலி. விளக்குத் தின்றது கால் பங்கு கூட இல்லை.

பேட்டரி அப்போது கெட்டிருக்கவில்லை. ஆனால் இப்படியே விட்டால் கெட்டுவிடும். ஈயமும் அமிலமும் உள்ள பேட்டரியில் பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் அதன் ஆயுள் குறையும். இந்தக் கொட்டகையில் மூன்றாம் நாளே பாதிக்குக் கீழே போய்விடுகிறது. புதுப் பேட்டரி வாங்கி வைத்திருந்தால் அதுவும் இதே வழியில்தான் போயிருக்கும்.

இதனால் பெரிய இன்வெர்ட்டர் மோசமானது என்று ஆகாது. அதற்கு ஏற்ற வேலை கொடுத்தால் அது நன்றாகவே உழைக்கும். 300 வாட் மிக்சி ஓட்டினால் பேட்டரியிலிருந்து சுமார் 340 எடுக்கும். பத்துப் பங்கில் ஒன்பது பங்கு வேலைக்குப் போகிறது. 18 வாட்டுக்குச் சுமார் 38 எடுக்கும். பாதிதான் தேறும். 5 வாட்டுக்கோ 25 எடுக்கும். ஐந்தில் ஒரு பங்குதான் விளக்குக்கு. தாளில் கோடாக வரைந்தால், தொடக்கத்தில் செங்குத்தாக ஏறும். பிறகு சமமாகப் போகும். முழுச் சுமை வரும்போது உள்ளே சூடு கூடி, கோடு கொஞ்சம் இறங்கும். நம் கொட்டகை இரவெல்லாம் அந்த ஏற்றத்தின் அடிவாரத்திலேயே நிற்கிறது.

சில பெட்டிகள் சுமை இல்லாதபோது தூங்கும். சில நொடிக்கு ஒருமுறை விழித்து, பல்ப் இருக்கிறதா என்று பார்க்கும். ஆனால் 5 வாட் பல்பைச் சில பெட்டிகள் சுமையாகவே எண்ணுவதில்லை. பல்ப் மின்னி மின்னி அணையும்.

முதலில் பையன் சொன்னது, பகலில் பெட்டியை அணைப்பது. அப்போது செலவு 352. வரவு 350. நல்ல வெயிலில் ஏறக்குறைய சரிக்கட்டும். ஆனால் பெங்களூரின் ஆடி மாத மேகத்தை நம்ப முடியாது.

அடுத்து அவன் சொன்னது 12 வோல்ட் டி.சி. பல்ப். அது பேட்டரி கரண்டிலேயே எரியும். நடுவில் பெட்டி வேண்டாம். இது புது யோசனை அல்ல. 1995இல் பெங்களூரில் ஹரிஷ் ஹண்டே என்பவர் செல்கோ நிறுவனத்தைத் தொடங்கினார். ஏழை வீடுகளுக்குச் சோலார் விளக்கு கொடுப்பது அதன் வேலை. அவர்கள் கொடுத்த சிறு வீட்டு விளக்குகள் இப்படி இன்வெர்ட்டர் இல்லாமல் எரிபவை. இரண்டு, நான்கு விளக்குகளுக்குச் சிறு தகடே போதுமானதாக இருந்தது. ஹண்டேக்கு 2011இல் மகசேசே விருது கிடைத்தது.

கொட்டகையில் பல்புகளை மாற்றினார்கள். செலவு 112 ஆனது. ஒரு நாள் வெயிலே மூன்று இரவுக்கு வரும். பெட்டியைத் தூக்கி எறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிக்சிக்கு மட்டும் போடுகிறார்கள். அரைத்து முடித்ததும் அணைத்துவிடுகிறார்கள்.

கரண்ட் இணைப்பு உள்ள வீட்டில் இந்தக் கணக்கு வேறு. அங்கே கரண்ட் இருக்கும் நேரத்தில் பேட்டரி இறங்காது. பெட்டியின் தீனி மின் கட்டணத்தில் ஏறும்.

டி.சி. பல்புக்கு ஒரு தொல்லை உண்டு. 12 வோல்ட் சிறிய அழுத்தம். வயர் மெல்லியதாக, நீளமாக இருந்தால் கடைசி பல்ப் மங்கும். வெளிவிளக்கு தூரத்தில் இருந்ததால் பையன் அதற்குத் தடித்த வயர் போட்டான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸும் வைத்தான். "எதுக்குத் தம்பி இது?" என்று அந்த அம்மா கேட்டார். "வயர் ஒட்டிக்கிட்டா பேட்டரி மொத்தமாக் கொட்டிடும் அக்கா. தகரக் கொட்டகை. தீப்பிடிக்கும் முன்னாடி இது அறுந்துடும்" என்றான்.