ஒரே வாழ்த்து, பல இல்லங்கள்



கம்மாபுரத்தில் சிறியதொரு மளிகைக்கடை இருப்பதாகக் கொள்வோம். அதன் வாடிக்கையாளருள் சுற்றுச் சிற்றூர்களின் உழவர்கள் உள்ளனர்; நெய்வேலிச் சுரங்கப் பணிக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் உள்ளன; சமணரும் இசுலாமியரும் கிறித்தவரும் உள்ளனர். இவர்கள் அனைவர்க்கும் ஒரே தீபாவளி வாழ்த்தைக் கடைக்காரர் அனுப்ப வேண்டும். அவர் முதலில் எழுதியது இது:

"நரகாசுரன் ஒழிந்த நன்னாளில் பட்டாசு வெடித்து மகிழுங்கள்! நம் கடையில் சிறப்புத் தள்ளுபடி!"

இதில் மூன்று பிழைகள் உள்ளன.

முதலாவது, கதையைக் கூறியது. தமிழகத்து இந்துக்கள் பலர்க்கு இது நரகாசுரன் வதமான நாள். வடபுலத்தார்க்கு இலக்குமி பூசை நாள். வங்காளியர்க்குக் காளி பூசை இரவு. சீக்கியர்க்குக் குரு அர்கோவிந்தர் சிறைமீண்ட நினைவு. சமணர்க்கோ பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாள். கொல்லாமையை அறமாகக் கொண்ட இல்லத்திற்கு ஒரு வதத்தின் மகிழ்ச்சியை அனுப்புவது பொருந்துமா? தீபங்களின் வரிசை என்பதே தீபாவளி என்னும் சொல்லின் பொருள். எனவே கதையை விடுத்து ஒளியை மட்டும் கூறினால் எவர்க்கும் உறுத்தாது.

இரண்டாவது, ஏவியது. "வெடியுங்கள்", "விளக்கேற்றுங்கள்" என்றால், பண்டிகை கொண்டாடாதவர் அவ்வாழ்த்துக்கு வெளியே நின்றுவிடுகிறார். "நலம் நிறைக" என்னும் வியங்கோள் எவரையும் எதையும் செய்யச் சொல்வதில்லை. நலம் வேண்டுவதோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது, விற்பனையைக் கலந்தது. தள்ளுபடியைச் சேர்த்தவுடன் வாழ்த்து விளம்பரமாகிவிடும். அச்செய்தியை ஒரு வாரம் முன்னரே தனியே அனுப்பலாம். ஆனால் கடை விடுமுறையை வாழ்த்தோடு கூறலாம். அது வாடிக்கையாளர்க்குப் பயன்படும் செய்தி.

திருந்திய வடிவம் இது:

"அன்புடையீர், தீபாவளி நல்வாழ்த்துகள். தங்கள் இல்லத்தில் ஒளியும் நலமும் நிறைக. தீபாவளியன்று கடைக்கு விடுமுறை; மறுநாள் காலை வழக்கம்போல் திறக்கப்படும்."

இதன்கீழ்க் கடையின் பெயர் இருந்தால் போதும். படம் சேர்ப்பதாயின் ஓர் அகல்விளக்கு போதும். தெய்வ உருவம் வேண்டா. "வாழ்த்துக்கள்" என்று ஒற்று மிகுத்து எழுதாமல் "வாழ்த்துகள்" என்று எழுதுவதே நன்று.

சொற்கள் செம்மையாக இருந்தாலும் பட்டியலைப் பார்க்காமல் அனுப்புதல் தகாது. அவ்வாண்டில் இறப்பு நேர்ந்த இல்லங்களில் தீபாவளி கொண்டாடாத வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அங்கே "நல்வாழ்த்துகள்" என்னும் சொல்லே புண்படுத்தும். கணக்கேட்டில் அப்பெயர்களுக்கு எதிரே ஒரு குறியிட்டு, அவர்களுக்கு விடுமுறைச் செய்தியை மட்டும் அனுப்ப வேண்டும்.

வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் வழியே அனுப்புவோர் இன்னொன்றையும் கருத வேண்டும். கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தவர்க்கே அச்செய்தி சென்று சேரும். சேராதோர் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்கள் கடைக்கு வரும்போது நேரில் வாழ்த்தலாம்.