அம்மா பணம், யார் கையெழுத்து?

சகோதரிகளே, ஒரகடம் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த ஒரு அம்மாவை நினைச்சுப் பாருங்க. இழப்பீட்டுப் பணம் அவங்க பேரில் இருக்கு. பேங்குக்கு நடக்க முடியல. மகளைக் கூட்டுக் கணக்கில் சேர்க்கலாமா?

'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று எழுதினால் மகள் தனியாகவே மொத்தத்தையும் எடுக்கலாம். 'முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்றால் அம்மா உள்ளவரை அவங்க மட்டும்தான் எடுக்கலாம். அம்மா படுத்துட்டா அது உதவாது.

நாம் சொல்வது, அந்த ஒரு கணக்குக்கு மட்டும் பவர் பத்திரம். பொது பவரில் நிலம் விற்கும் வாசகமும் நுழைந்திருக்கலாம், படிக்கச் சொல்லிக் கேளுங்க. இங்கே நிலத்தின் விலை தெரியுமில்ல! அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதணும். அவங்க இறந்ததும் பவர் செல்லாது. மீதிப் பணம் வாங்க நாமினி பதிஞ்சிருக்கணும்.