விலை மாறினால் விளம்பரமும் மாறட்டும்

வீட்டை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறீர்களா? விலையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் குறையுங்கள்.

80 லட்சம் என்று போட்ட வீட்டை 75க்கு இறக்குகிறீர்கள். விலைக் கட்டத்தில் மாற்றிவிடுவீர்கள். கீழே விவரத்தில் நீங்களே தட்டிய 80 அப்படியே நிற்கும். தரகர் வாட்ஸப்பில் அனுப்பிய படத்திலும் அதே 80. பார்க்க வருகிறவர், "எது சார் சரியான விலை?" என்பார். பேச்சே சந்தேகத்தில்தான் தொடங்கும்.

ஒருவர் வாய்வார்த்தையாக விலை கேட்டால் விளம்பரத்தைத் தொடாதீர்கள். அட்வான்ஸ் வாங்கி ஒப்பந்தம் போட்டதும், "அட்வான்ஸ் வாங்கியாச்சு" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அப்போதும் அழித்துவிட வேண்டாம். வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் போகலாம். வீடு மறுபடி விலைக்கு வரலாம். அதனால் விசாரிப்பவர்களின் எண்ணைக் குறித்து வையுங்கள்.

பத்திரப்பதிவு முடிந்த அன்றே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். இணையத்திலிருந்து எடுங்கள், தரகரிடமும் சொல்லுங்கள், கேட்டில் கட்டிய பலகையையும் கழற்றுங்கள். பலகையைத்தான் பலரும் மறக்கிறார்கள். புது வீட்டுக்காரர் பால் காய்ச்சிக் குடிவந்த பிறகும், உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.