கப்பல் உத்தியோகமும் பதிவுக் கட்டணமும்
(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துறைமுகத்திலே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைக் காணுந்தோறும் தம் மகனும் அதில் ஏறமாட்டானா என்று ஏங்காத பெற்றோர் இவ்வூரிற் சிலரே. அவ்வேக்கத்தையே முதலாக்கி வாணிகம் நடத்துவோர், இன்று கைத்தொலைபேசி வழியே நம் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டனர்.

இப்படியொரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம். முன்பின் அறியாத ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். உல்லாசக் கப்பலிலே சமையற்கூடப் பணி. மாதம் 1,200 டொலர். நேர்முகப் பரீட்சை இல்லை. பதிவுக் கட்டணம் 35,000 ரூபாவை நாளை மாலைக்குள் ஒரு தனியாளின் வங்கிக் கணக்கில் இடவேண்டும். கப்பலேறியதும் அது திருப்பித் தரப்படுமாம்! முத்திரையும் ஒப்பமும் முகவர் அனுமதி இலக்கமும் கடிதத்தில் உண்டு.

முத்திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதை ஆக்குவது இன்று சிறுபிள்ளை வேலை. பணம் கேட்டதைப் பாருங்கள். இலங்கையும் ஏற்றுக்கொண்ட 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் சமவாயம், வேலை தேடிக் கொடுப்பதற்காக மாலுமியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறலாகாது என்று விதிக்கின்றது. கடவுச்சீட்டு, மாலுமிப் பதிவேடு, சட்டப்படியான மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவையே அவன் ஏற்கலாம். விசாச் செலவுங்கூடக் கப்பல் உடைமையாளருடையது. சமையற்காரன் மாலுமியாவானோ என்று ஐயுறவேண்டாம். கப்பலிலே எந்தப் பணி செய்வோனுக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே நம் கடிதம் 'பதிவுக் கட்டணம்' என்ற சொல்லிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பாதுகாப்புப் பயிற்சி நெறிக்குக் கட்டணம் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அதைப் பயிற்சி நிலையத்திலே நேரிற் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறலாம். அந்நியன் கணக்கில் இடவேண்டியதில்லை.

அனுமதி இலக்கம் மெய்யாகவே இருக்கலாம். நேர்மையான ஒரு முகவரின் இலக்கத்தைத் திருடி எழுதுவதும் இவர்கள் வழக்கமே. ஆதலால் கடிதத்திலுள்ள தொலைபேசி எண்ணை அழைத்துக் கேட்பது வீண், எடுப்பவன் எழுதியவனே! கப்பல் வேலையாயின் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் அம்முகவரைப் பற்றி விசாரித்து, அங்கே பெற்ற எண்ணில் அழைத்து, இக்கடிதம் உங்களுடையதா என்று கேளுங்கள். கரையிலே செய்யும் வெளிநாட்டு வேலையாயின், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற எண்ணில் அழையுங்கள். முகவருக்கு அனுமதி உண்டா என்பதோடு நில்லாமல், இந்த வேலைக்கு ஆள் சேர்க்க அவருக்கு அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

முன்னரே பணம் கட்டியோர் இருப்பின், அடுத்து விசாக் கட்டணம், காப்புறுதி என்று மடல்கள் வரும். கட்டியதை மீட்கவென்று மேலும் கட்டாதீர்கள். வங்கிக்கு அன்றே அறிவியுங்கள். பணம் வேறு கணக்குக்கு மாறுமுன் தடுக்க முடியுமாயின் அவர்களாலேயே முடியும். வெட்கத்தால் வாட்ஸ்அப் மடல்களை அழித்துவிடாமல், வங்கிச் சீட்டோடு அவற்றையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.