வேலையை விட்டாச்சு, கணக்கு சரியா வந்துச்சா?

ராஜினாமா கடிதம் கொடுத்துட்டு வெளியே வர்றவங்களுக்கு நிறுவனம் ஒரு தாள் கொடுக்கும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’னு மேலே எழுதியிருக்கும். கீழே ஒரு தொகை, பக்கத்துல கையெழுத்துப் போட இடம். நம்மில் பலர் அந்தத் தொகையை மட்டும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுறோம். அது எப்படி வந்ததுன்னு உங்க கைபேசியில இருக்கிற கால்குலேட்டரிலேயே சரிபார்க்கலாம். இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

ஓர் உதாரணம் எடுத்துக்குவோம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் மூணு வருஷமா வேலை பார்த்த ஒரு பெண். மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 18,000, வீட்டு வாடகைப் படி 12,000. ஜூன் 5 மாலை ராஜினாமா கடிதம் கொடுத்தார். ஜூன் 25 கடைசி வேலைநாள். நிறுவனம் அவர் கையில் கொடுத்த கணக்கு 11,500 ரூபாய். இது சரியா?

முதலில் நோட்டீஸ். ராஜினாமா செய்பவர் எத்தனை நாள் முன்கூட்டியே சொல்லணும், குறைந்தால் எவ்வளவு கட்டணும் என்பதெல்லாம் உங்க பணி நியமன ஆணையில்தான் இருக்கும். இவருடைய ஆணையில் 30 நாள் நோட்டீஸ், ‘குறையும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் பிடிக்கப்படும்’ என்று இருக்கு. ஜூன் 6 முதல் 25 வரை 20 நாள் வேலை பார்த்திருக்கார். குறைவது 10 நாள். 18,000-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 600. பத்து நாளுக்கு 6,000 ரூபாய். ஆனால் நிறுவனத்தின் தாளில் 10,000 என்று இருந்தது. அதாவது மொத்தச் சம்பளமான 30,000-ஐ வைத்துக் கணக்குப் போட்டுட்டாங்க. தவறு அதிகம் நடக்கிற இடம் இதுதான். அதனால பணத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடி, ஆணையில் ‘அடிப்படை’ன்னு இருக்கா, ‘மொத்தம்’னு இருக்கான்னு அந்த ஒரு வார்த்தையைத் தேடுங்க.

அடுத்து விடுப்பு. எல்லா விடுப்பும் பணமாகாது. தற்செயல் விடுப்பும் மருத்துவ விடுப்பும் பொதுவா அந்த வருஷத்தோட முடிஞ்சு போகும். பணமாவது ஈட்டிய விடுப்பு மட்டும்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த வருஷத்தில் 12 நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு. எடுக்காததை 24 நாள் வரை சேர்த்தும் வைக்கலாம். நம்ம உதாரணத்தில், போன வருஷத்திலிருந்து வந்தது 6 நாள், இந்த வருஷம் மீதி 8 நாள், ஆக 14 நாள். இந்த நிறுவனத்தின் விதியில் விடுப்புக்கும் அடிப்படைச் சம்பளத்தை 30-ஆல் வகுக்கிறார்கள். 14 நாளுக்கு 8,400 ரூபாய். தாளில் 8 நாளுக்கு 4,800 மட்டுமே போட்டிருந்தார்கள். பழைய 6 நாள் காணாமல் போயிருந்தது.

இதுக்கு ஒரு முன்னெச்சரிக்கை இருக்கு. ராஜினாமா கடிதம் கொடுக்கிற நாளிலேயே நிறுவனத்தின் செயலியில் உங்க விடுப்பு இருப்பைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. கடைசி நாளன்று உங்க லாகின் மூடப்படும். அப்புறம் பார்க்க முடியாது. விடுப்பு கேட்டு மறுத்திருந்தால் அந்த மின்னஞ்சலையும் சேமித்து வைங்க. கேட்டும் கொடுக்கலைங்கறதுக்கு அதுதான் சான்று.

இன்னொரு விஷயம். குறைகிற நோட்டீஸ் நாளுக்குப் பதிலா மீதி விடுப்பைக் கழிச்சுக்கச் சொல்லி எழுத்துமூலம் கேட்கலாம். நிறுவனம் சம்மதிக்கணும். இரண்டும் ஒரே விகிதம்னா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நோட்டீஸை மொத்தச் சம்பளத்திலும் விடுப்பை அடிப்படையிலும் போடுற நிறுவனம்னா, நாளுக்கு நாள் கழிப்பதுதான் உங்களுக்கு நல்லது.

மூணாவது, பிடித்தங்கள். வருங்கால வைப்பு நிதி 1,800 ரூபாய்; இது உங்க கணக்கிலேயே சேரும். முன்பணத்தில் பாக்கி 3,000. இது நியாயமான பிடித்தம். ஆனால் தாளில் இன்னொரு வரியும் இருந்தது: ‘கைபேசித் திரை சேதம் 3,500’. அலுவலகம் ஒப்படைத்த பொருளுக்குச் சேதம் என்றால் பிடிக்கலாம்தான். ஆனால் அது உங்க கவனக்குறைவால்தான் நடந்தது என்று இருக்கணும். பிடிப்பதற்கு முன் உங்க விளக்கத்தையும் கேட்கணும். இவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படிப் பிடிக்க முடியாதுங்க.

இப்போ கூட்டுவோம்.

ஜூன் 25 நாள் சம்பளம்: 25,000
விடுப்புப் பணம்: 8,400
வர வேண்டியது: 33,400

நோட்டீஸ் குறைவு: 6,000
வைப்பு நிதி: 1,800
முன்பண பாக்கி: 3,000
கழிய வேண்டியது: 10,800

கையில் வர வேண்டியது: 22,600 ரூபாய்

நிறுவனம் சொன்னது 11,500. வித்தியாசம் 11,100 ரூபாய். நோட்டீஸில் 4,000, விடுப்பில் 3,600, கைபேசியில் 3,500. மூணு வரியில் அவருடைய பத்து நாள் சம்பளத்துக்கு மேலேயே போயிருக்கு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழியும் உண்டு. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-இன்படி, ஒரு சம்பள காலத்தில் பிடித்தங்கள் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அந்த நிறுவனம் பிடித்தது மொத்தம் 18,300. சம்பளமோ 25,000. பாதிக்கு மேல் போயிடுச்சு. இப்படி இருந்தால், ஒவ்வொரு வரியையும் திரும்பப் பாருங்க.

‘45 நாள் ஆகும், 60 நாள் ஆகும்’ என்று சொன்னால்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் இதே சட்டம், ராஜினாமா செய்தவருக்கும் ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கணும் என்கிறது. பணிக்கொடை இதிலிருந்து தனிக் கணக்கு. பொதுவாக ஐந்து வருஷம் முடித்தவர்களுக்கு அது வரும் என்பதால், நம்ம உதாரணத்தில் அதைச் சேர்க்கவில்லை.

கணக்கு ஒத்துப்போகலைன்னா சண்டை வேண்டாம். எந்த வரியில் எவ்வளவு வித்தியாசம், ஆணையில் எந்தப் பத்தி என்று சொல்லி மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்க. ‘எனக்கு இனி எந்த பாக்கியும் இல்லை’ என்ற வாசகத்தின் கீழே, பணம் வருவதற்கு முன் கையெழுத்துப் போடாதீங்க. போட்டே ஆகணும்னா, ‘கணக்கில் ஆட்சேபனை உண்டு’ என்று கையால் எழுதி, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

பதில் வரலைன்னா, உங்க மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்க. உரிமைகோரல் மனு கொடுக்க மூணு வருஷம் வரை காலம் உண்டு. பணம் கொடுத்தாச்சுன்னு நிரூபிக்கிற பொறுப்பு நிறுவனத்தோடது. நீங்க கொண்டுபோக வேண்டியது நியமன ஆணை, கடைசி மூணு மாதச் சம்பளச் சீட்டு, ராஜினாமா மின்னஞ்சல், விடுப்பு ஸ்கிரீன்ஷாட். நாலும் லாகின் மூடுறதுக்கு முன்னாடியே உங்க சொந்த மின்னஞ்சலுக்கு வந்திருக்கட்டும்.