கடைசியில் தடம் மாறும் பாயிண்டர்

நிரல் எழுதுபவர்களிடையே வழங்கும் ஒரு சிறிய உத்தியைப் பற்றி இன்று பேசப்போகிறேன். வேலைக்கான நேர்காணல்களில் இதைக் கேட்கிறார்கள். மாணவர்கள் நாலைந்து வரிகளில் எழுதியும் காட்டிவிடுகிறார்கள். ஆனால் அது ஏன் சரியான விடை தருகிறது என்று அடுத்த கேள்வி வந்தால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இந்த உத்தியில் பிடித்ததே அந்த ‘ஏன்’தான். பக்கத்தில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லச் சொல்லக் கட்டங்கள் வரைந்துகொண்டே வரலாம்.

லிங்க்டு லிஸ்ட் என்பது கணினியின் நினைவகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் கணுக்களின் வரிசை. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு செய்திகள் இருக்கும்: ஒரு மதிப்பு, அடுத்த கணு எங்கே இருக்கிறது என்ற முகவரி. கடைசிக் கணுவுக்கு அடுத்தது கிடையாது என்பதால் அங்கே முகவரிக்குப் பதிலாக ‘நல்’ என்ற வெறுமைக் குறி இருக்கும். நடப்பது முன்னோக்கி மட்டும்தான். வந்த வழியே திரும்ப முடியாது.

இப்படி இரண்டு பட்டியல்கள் எப்படி ஒன்றாகச் சேர்கின்றன? ஜான் மெக்கார்த்தி வகுத்த லிஸ்ப் மொழியில் இது அன்றாட நிகழ்ச்சி. ஒரு பட்டியலின் தலையில் புதுக் கணு ஒன்றைச் சேர்த்தால் பழைய பட்டியல் நகலெடுக்கப்படுவதில்லை; புதுக் கணு பழையதைச் சுட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அதே பழைய பட்டியலின் தலையில் இன்னொரு இடத்திலிருந்து வேறொரு கணுவைச் சேர்த்தால், தலைகள் இரண்டு, வால் ஒன்று. 1960இல் ஜார்ஜ் காலின்ஸ் எழுதிய ஒரு கட்டுரை இந்த மாதிரி ஒன்றோடொன்று படியும் பட்டியல்களைப் பற்றியதுதான். ஒன்றை அழிக்கும்போது மற்றதற்கும் சொந்தமான வால் அழிந்துவிடாமல் காப்பது எப்படி என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இன்று நாம் கேட்பது அதற்குப் பக்கத்து வீட்டுக் கேள்வி: இரண்டு தலைகள் மட்டும் கையில் இருக்கின்றன, பொதுவான வால் எந்தக் கணுவில் தொடங்குகிறது?

ஒன்றை முதலில் மனதில் வைக்க வேண்டும். ஒரு கணுவுக்கு அடுத்தது ஒன்றே ஒன்றுதான். ஆகவே சேர்ந்த பட்டியல்கள் பிறகு பிரிய முடியாது. படம் வரைந்தால் ஆங்கில ஒய் எழுத்துப் போல வருமே தவிர, எக்ஸ் போல ஒருபோதும் வராது.

இப்போது உத்தி. இரண்டு தலைகளிலும் ஆளுக்கொரு பாயிண்டரை வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒவ்வோர் அடியாக நகரட்டும். ஒரு பாயிண்டர் தன் பட்டியல் முடிந்து நல்லில் நின்றால், அடுத்த அடியில் அது மற்றப் பட்டியலின் தலைக்குப் போகட்டும். மற்றதற்கும் இதே விதி. இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும்போது நிறுத்துங்கள். அந்த இடம்தான் விடை.

நடத்திப் பார்ப்போம். முதல் பட்டியலில் 10, 20, 70, 80, 90 என ஐந்து கணுக்கள். இரண்டாவதில் 30, 40, 50, 20, 70, 80, 90 என ஏழு. 70இல் தொடங்கும் மூன்று கணுக்களும் இரண்டுக்கும் பொது. ஆனால் 20 பொதுவல்ல. இரு பட்டியல்களிலும் அதே மதிப்பு இருக்கிறதே தவிர, அவை நினைவகத்தின் வேறு வேறு இடங்களில் உள்ள இரண்டு கணுக்கள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன்.

முதல் பாயிண்டர் ஐந்தாவது அடியில் நல்லுக்கு வந்துவிடும். ஆறாவது அடியில் இரண்டாம் பட்டியலின் தலையான 30இல் நிற்கும். பிறகு 40, 50, 20 என்று நடந்து பத்தாவது அடியில் 70ஐ அடையும். இரண்டாம் பாயிண்டர் நான்காவது அடியிலேயே 70ஐத் தொட்டுவிடுகிறது, ஆனால் அப்போது அங்கே துணை இல்லை. முதல் பாயிண்டர் 90க்குப் போய்விட்டது. ஏழாவது அடியில் நல், எட்டாவதில் முதல் பட்டியலின் 10, ஒன்பதாவதில் 20, பத்தாவதில் 70. இரண்டும் ஒரே அடியில் ஒரே கணுவில் வந்து நிற்கின்றன.

ஒன்பதாவது அடியைக் கவனித்தீர்களா? அப்போது ஒரு பாயிண்டர் ஒரு 20இல் நிற்கிறது, மற்றது இன்னொரு 20இல் நிற்கிறது. முகவரியை ஒப்பிடாமல் மதிப்பை ஒப்பிட்டு எழுதியிருந்தால் நிரல் அங்கேயே நின்று தவறான விடையைச் சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. மதிப்புகள் எல்லாம் வேறு வேறாக உள்ள சோதனைகளில் இந்தத் தவறு வெளியே தெரியவும் தெரியாது. எனவே சோதிக்கும்போது இப்படி ஒரு போலி 20ஐப் பட்டியலுக்குள் வைத்தாக வேண்டும்.

இனி நிரூபணம். முதல் பட்டியலுக்கு மட்டும் சொந்தமான கணுக்களின் எண்ணிக்கை க என்று கொள்வோம். இரண்டாவதற்கு மட்டும் சொந்தமானவை ச. பொதுவானவை ப. முதல் பாயிண்டர் தன் பட்டியல் முழுவதையும் கடந்து நல்லை அடைய க-வும் ப-வும் சேர்ந்த அடிகள் ஆகும். மற்றத் தலைக்குத் தாவ 1 அடி. அங்கிருந்து சேரும் கணுவுக்கு ச அடிகள். மொத்தம் க + ப + 1 + ச. இரண்டாம் பாயிண்டருக்கு ச + ப + 1 + க. இவை இரண்டும் ஒரே தொகை. கூட்டும் வரிசைதான் வேறு. நம் எடுத்துக்காட்டில் க 2, ச 4, ப 3. இரண்டு வழியிலும் 10 வருகிறது. வேகம் ஒன்று, தூரம் ஒன்று; ஆகவே இரண்டும் ஒரே அடியில் சேரும் கணுவை அடைந்தே தீரும்.

பல விளக்கங்கள் இங்கே முடிந்துவிடுகின்றன. எனக்கு அது பாதி நிரூபணம்தான். அந்த அடியில் இரண்டும் சந்திக்கும் என்று காட்டிவிட்டோம், சரி. அதற்கு முன்பே வேறெங்காவது தவறான இடத்தில் சந்தித்துவிட்டால்? அது முடியாது என்பதையும் காட்ட வேண்டும்.

பொதுப் பகுதியில், முதல் கணுவைத் தவிர்த்த ஏதோ ஒரு கணுவில் இரண்டும் ஒன்றாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கணு எந்தப் பட்டியலுக்கும் தலையல்ல. அங்கே தாவி வந்திருக்க வழியில்லை. அதைச் சுட்டும் முந்தைய கணுவும் இந்த இரு பட்டியல்களில் ஒன்றுதான் உண்டு. ஆகவே இரண்டு பாயிண்டர்களும் அந்த ஒரே கணுவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதாவது, ஓர் அடி முன்பே அவை சந்தித்துவிட்டன. இப்படியே பின்னோக்கிப் போனால் முதல் பொதுக் கணுவில்தான் போய் நிற்போம். தனிப் பகுதியில் சந்திப்பதும் முடியாது. அங்கே சந்திக்க வேண்டுமானால் ஒரு பாயிண்டர் தடம் மாறி மற்றதன் பட்டியலுக்குள் வந்திருக்க வேண்டும். அதற்குள் அந்தப் பட்டியலின் சொந்தக்காரப் பாயிண்டர் வெகுதூரம் முன்னே போயிருக்கும். வேகம் ஒன்றாக இருக்கையில் பின்னால் வருவது முன்னால் போவதைப் பிடிக்காது.

பட்டியல்கள் சேரவே இல்லை என்றால்? அப்போது ப பூஜ்யம். முதல் பாயிண்டர் தன் பட்டியலையும், நீளங்கள் வேறானால் பிறகு மற்றப் பட்டியலையும் முழுதாக நடந்து நல்லில் நிற்கும். இரண்டாவதும் அதே அடியில் நல்லில் நிற்கும். இரண்டும் சமம் என்று நிரல் நின்று, நல்லை விடையாகத் தரும். சேரும் கணு இல்லை என்பதே அதன் பொருள். அந்த விடைக்கென்று தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

இங்கேதான் எழுதுபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘நல்லில் நின்றால் தாவு’ என்பதற்குப் பதிலாக, ‘கடைசிக் கணுவில் நின்றால் தாவு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஓர் அடி மிச்சம் என்று தோன்றும். சேரும் பட்டியல்களில் அது சரியான விடையும் தரும், ஏனென்றால் இரு தொகைகளிலும் அந்த 1 ஒன்றாகவே நீங்குகிறது. சேராத பட்டியல்களில் அது முடிவில்லாமல் ஓடும். எந்தப் பாயிண்டரும் நல்லில் நிற்பதே இல்லை. சந்திக்கப் பொதுக் கணுவும் இல்லை. நிரல் விடை சொல்லாமல், பிழையும் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள். தேவையற்றதாகத் தோன்றும் அந்த நல்தான் சேராத பட்டியல்களின் சந்திப்பு இடம்.

இந்த உத்தி வேகமானது என்று சிலர் சொல்வார்கள். அதை எண்ணிப் பார்க்கலாம். பழைய நேர்வழி ஒன்று உண்டு: இரு பட்டியல்களின் நீளத்தையும் எண்ணு, நீளமானதில் வித்தியாசத்தின் அளவு முன்னே போ, பிறகு இரண்டையும் சேர்த்து நடத்து. நம் எடுத்துக்காட்டில் எண்ணுவதற்கு 5 அடிகளும் 7 அடிகளும். வித்தியாசம் 2 அடிகள். பிறகு இரண்டும் ஆளுக்கு 2 அடிகள். மொத்தம் 18. தடம் மாறும் முறையில் இரண்டு பாயிண்டர்களும் தலா 10, மொத்தம் 20. இது தற்செயல் அல்ல. நீளங்கள் வேறாக இருந்து பட்டியல்கள் சேர்ந்தும் இருந்தால் தடம் மாறும் முறை எப்போதும் சரியாக 2 அடிகள் கூடுதலாகவே நடக்கும். அந்த இரண்டும் நல்லிலிருந்து தாவும் அடிகள்தான். நீளங்கள் சமமாக இருந்தால் மட்டும் இது முந்திக்கொள்ளும், ஏனெனில் முதல் நடையிலேயே சந்திப்பு முடிந்துவிடுகிறது.

ஏன் கணக்கு இவ்வளவு நெருங்கி வருகிறது? இரண்டும் உண்மையில் ஒரே வேலையைச் செய்கின்றன. குட்டைப் பட்டியலின் பாயிண்டர் ஆறாவது அடியில் நீளப் பட்டியலுக்குள் நுழைந்தது. மற்றது எட்டாவது அடியில்தான் குட்டைக்குள் நுழைந்தது. இடையில் உள்ள 2 அடிகள்தான் நீளங்களின் வித்தியாசம். நேர்வழியில் கழித்தல் போட்டுக் கண்டதை இங்கே முன்பின்னாக வந்து சேர்வதே கண்டுவிடுகிறது. எண்ணி வைக்க ஒரு மாறிகூட இல்லாமல் கழித்தல் நடக்கிறது. இதன் சிறப்பு வேகத்தில் இல்லை, இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பட்டியலின் வால் திரும்பி வந்து முந்தைய கணுவையே சுட்டி வட்டமாகிவிட்டால் இந்த நிரூபணம் முழுவதும் விழுந்துவிடும். நல்லே வராது, தடம் மாறுவதும் நடக்காது. வட்டமில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் நான் தயங்காமல் இந்த முறையையே எழுதுவேன். தெரியாத இடத்தில், ஒரு பாயிண்டரை ஓரடியாகவும் இன்னொன்றை ஈரடியாகவும் நடத்தி வட்டம் உண்டா என்று முதலில் சோதித்துவிடுங்கள். இல்லை என்றான பிறகு இதற்கு வாருங்கள்.