சார்ஜர் விளக்கு பச்சையா, சிவப்பா? பழுது யாரிடம்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம கூட்டமைப்பிலே பல உறுப்பினர்கள் கடன் வாங்கி பேட்டரி சைக்கிள் வாங்கியிருக்கிறோம். பால் ஊற்றப் போகவும், குழந்தைகளைப் பள்ளியில் விடவும் அது உதவியா இருக்கு. ஆனால் சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்குப் போனால், பார்த்த உடனே "பேட்டரி போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கள் குழுவில் நடந்ததை அப்படியே சொல்கிறோம். கேட்ட பிறகு, பழுது சார்ஜரிலா பேட்டரியிலா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

எங்கள் குழுவில் பால் ஊற்றுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தார். காலையில் பச்சை விளக்கு எரிந்தது. சார்ஜ் நிறைந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பினார். ஒரு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் வண்டி நின்றுபோனது. பால் கேனோடு மிதித்துக்கொண்டே போனார். வீட்டுக்கு வந்து மறுபடி சார்ஜ் போட்டால், போட்ட உடனே பச்சை. கடையில் புது பேட்டரிக்கு 12,000 ரூபாய் என்றார்கள். பழைய கடனே இன்னும் 5 தவணை பாக்கி. குழுக் கூட்டத்தில் அழுதுவிட்டார்.

முதலில் விளக்கு என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான சார்ஜர்களில் சிவப்பு என்றால் "பேட்டரிக்குள் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது" என்று அர்த்தம். பச்சை என்றால் "மின்சாரம் போகவில்லை, அல்லது மிகக் குறைவாகத்தான் போகிறது" என்று அர்த்தம். பேட்டரி நிறைந்தாலும் பச்சை வரும். நடுவில் ஒயர் அறுந்திருந்தாலும் பச்சைதான் வரும். பேட்டரிக்குள்ளே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட் தொடர்பைத் துண்டித்துவிட்டாலும் பச்சைதான். விளக்குக்கு இந்த மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் பச்சையைப் பார்த்து நிறைந்துவிட்டது என்றோ, பேட்டரி செத்துவிட்டது என்றோ முடிவு செய்யக்கூடாது. சில கம்பெனிகள் வேறு நிறம் வைத்திருப்பார்கள், கையேட்டைப் பாருங்கள்.

நாங்கள் செய்த முதல் சோதனை இது. சார்ஜரை பேட்டரியில் மாட்டாமல், சுவரில் உள்ள பிளக்கில் மட்டும் போட்டோம். பச்சை எரிந்தது. அது சரிதான், பேட்டரி இல்லாதபோது பச்சை எரிய வேண்டும். விளக்கே எரியாவிட்டால் வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் எரியவில்லை என்றால் பழுது சார்ஜரில். பேட்டரி மாட்டாமலே சிவப்பு எரிந்துகொண்டே இருந்தால், அதுவும் சார்ஜர் கோளாறுதான்.

இரண்டாவது, மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இதுதான் முக்கியம். எங்கள் குழுவில் இன்னொரு உறுப்பினரிடம் அதே கம்பெனி, அதே மாடல் சைக்கிள் இருக்கிறது. இரண்டு சார்ஜரின் அடியிலும் ஒட்டியிருக்கிற சீட்டைப் படித்தோம். இரண்டிலும் அவுட்புட் 42 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தது. இந்த எண் ஒன்றாக இல்லாவிட்டால் மாற்றிப் போடவே கூடாது. பின் பொருந்துகிறதே என்று 48 வோல்ட் சைக்கிளின் சார்ஜரை 36 வோல்ட் பேட்டரியில் சொருகினால் பேட்டரி தீப்பிடிக்கவும் கூடும்.

இன்னொன்றும் கவனிக்கணும். சோதனை செய்கிற பேட்டரி ஓரளவு ஓடிக் குறைந்திருக்க வேண்டும். நிறைந்த பேட்டரியில் மாட்டினால் பச்சை வருவது நியாயம்தானே! அதனால் அந்த உறுப்பினர் சந்தைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் பார்த்தோம்.

அக்காவின் சார்ஜரை அவர் சைக்கிளில் மாட்டினோம். பச்சை மாறவே இல்லை. அவருடைய சார்ஜரை அக்காவின் பேட்டரியில் மாட்டினோம். உடனே சிவப்பு வந்தது! அப்போதே தெரிந்துவிட்டது, பேட்டரி மின்சாரத்தை வாங்குகிறது, கொடுக்காதது சார்ஜர்தான்.

மூன்றாவதாக, ரேடியோ, மிக்சி பழுது பார்க்கும் தம்பியிடம் சார்ஜரைக் கொண்டுபோனோம். அவர் மல்டிமீட்டரை டி.சி. 200 வோல்ட்டில் வைத்து பின்னைத் தொட்டுப் பார்த்தார். 42 காட்டியது. பின் பக்கத்துக் கழுத்தில் ஒயரைச் சற்று வளைத்தார். பூஜ்யம் ஆனது. மேலே உறை நன்றாக இருக்க, உள்ளே கம்பி முறிந்திருந்தது. கழற்றும்போது பின்னைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து இழுத்ததுதான் காரணம். அவர் அந்த இடத்தை வெட்டி, புதுப் பின் வைத்துப் பற்றவைத்தார். பிளஸ், மைனஸ் மாறவில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே கொடுத்தார். செலவு 80 ரூபாய். அக்கா மறுநாளே பால் ஊற்றப் போனார்.

மீட்டர் வைக்கும்போது ஒரு விஷயம். சில சார்ஜர்கள் பேட்டரி மாட்டினால்தான் மின்சாரம் கொடுக்கும். அதனால் தனியாக வைத்துப் பூஜ்யம் காட்டினால் மட்டும் பழுது என்று சொல்ல முடியாது, மாற்றிப் போட்ட சோதனையோடு சேர்த்துப் பாருங்கள். 42 இருக்க வேண்டிய இடத்தில் 39 காட்டினால், பேட்டரி நிறையாமலே பச்சை வந்துவிடும், வண்டி முழுத் தூரம் ஓடாது. 42-ஐத் தாண்டி 44 என்று காட்டினால் அந்த சார்ஜரை அன்றே நிறுத்திவிடுங்கள்.

இனி சிவப்பு. பக்கத்து ஊர்க் குழுவில் ஒரு தங்கைக்கு சிவப்பு அணையவே இல்லை. அவர் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர். 2 ஆம்பியர் சார்ஜருக்கு 5 மணி நேரம், கூடினால் 6 மணி நேரம் போதும். பத்து மணி நேரம் ஆகியும் சிவப்பு. அவரும் அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் மாற்றிப் பார்த்தார். பகலில், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். அவருடைய சார்ஜர் அந்த சைக்கிளில் நேரத்துக்குப் பச்சையானது. ஆனால் அவர் பேட்டரியில் எந்த சார்ஜரை மாட்டினாலும் சிவப்பு நின்றது. பேட்டரியின் ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டது. இங்கே சார்ஜர் நல்லது, பழுது பேட்டரியில். உள்ளே வரிசையாக இருக்கிற செல்களில் ஒரு பகுதி கெட்டுப்போனால், ஏற்றுகிற மின்சாரம் சேமிப்பாகாமல் சூடாகப் போய்விடும். அவர் அத்தோடு சார்ஜ் போடுவதை நிறுத்தினார். கேரண்டி அட்டையோடு விற்ற கடைக்குக் கொண்டுபோனார். கேரண்டிக் காலம் முடியாததால் மாற்றிக் கொடுத்தார்கள்.

அக்கா விஷயத்தில் இரண்டு சார்ஜருக்கும் பச்சையே மாறாமல் நின்றிருந்தால்? அப்போது பழுது பேட்டரி பக்கம். அதிலும் செல் கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சார்ஜ் சொருகுகிற ஓட்டையில் துரு பிடித்திருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், பாதுகாப்பு சர்க்யூட் துண்டித்திருக்கலாம். "முதலில் இதையெல்லாம் பாருங்கள்" என்று கடையில் கேளுங்கள். பாதுகாப்பு சர்க்யூட்டை விட்டுவிட்டு "டைரக்டா சார்ஜ் ஏத்தித் தரேன்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

சார்ஜரையோ பேட்டரியையோ நாமே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜருக்குள் ஷாக் அடிக்கிற மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். பேட்டரி உப்பியிருந்தாலோ, வாடை வந்தாலோ, அளவுக்கு மீறிச் சுட்டாலோ சோதனையே வேண்டாம். சுவிட்சை அணைத்து, வீட்டுக்கு வெளியே, ஓலை விறகு இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். நம் சார்ஜர் வேறு பேட்டரியில் என்ன நிறம் காட்டியது? வேறு சார்ஜர் நம் பேட்டரியில் என்ன நிறம் காட்டியது? அந்தத் தாளைக் காட்டிப் பேசினால், பேட்டரிதான் போச்சு என்று சும்மா சொல்லிவிட முடியாது. எங்கள் அக்கா அந்த 12,000 ரூபாயைக் கடன் வாங்காமல் தப்பித்தது அப்படித்தான்.